பத்து பவுச்சும் ஒரு பஸ் பார்சலும்: முதல் ஓடருக்கு முன் சாம்பிள் கேட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

ஹட்டனில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் பளபளவென்று 430 பவுச்சுகள். அக்கா அதை ‘என் நகைப்பெட்டி’ என்பாள். அவள் தேயிலை வாங்கி, 100 கிராம் பொதிகளாகக் கட்டி விற்கத் தொடங்கிய வருடம், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தையும் ‘100 கிராம் தேயிலை பவுச்’ என்ற பெயரையும் நம்பி 500 வாங்கினோம். பெயரில் பொய் இல்லை. பி.ஓ.பி.எஃப். தூள் 100 கிராம் அதில் தாராளமாகக் கொள்ளும். அக்கா விற்க எடுத்ததோ நீட்டு இலையான ஓ.பி. எழுபது கிராம் போடுவதற்குள் இலை சிப்பைத் தொட்டுவிட்டது. அனுப்பியவர் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. எந்தத் தேயிலை என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அடுத்த முறை, முந்நூறு பவுச்சுக்கு ஒரு சோதனை ஓடர் போடுவதற்கு முன், இலவசமாகச் சாம்பிள் கேட்பது என்று முடிவு செய்தோம். கணக்கும் கடிதமும் என் வேலை. தேயிலையும் நாக்கும் அக்காவுடையவை. கேட்ட விதம், வந்த பதில்கள், சாம்பிளை வைத்து நாங்கள் செய்தவை, பின்பு ஓடர் வந்தபோது நடந்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

பதில் வராத செய்தி

கொழும்புப் புறக்கோட்டையில் ஒருவர், வத்தளையில் ஒருவர், கண்டியில் ஒருவர் என்று மூன்று விநியோகஸ்தர்களின் இலக்கங்கள் கிடைத்தன. மூவருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்.

“வணக்கம். தேயிலை பவுச்சுக்கு இலவசமாகச் சாம்பிள் அனுப்ப முடியுமா? விலையும் சொல்லுங்கள்.”

கண்டிக்காரர் ஒரு விலைப்பட்டியலைப் படமாக அனுப்பினார். மற்ற இருவரும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நீல நிறச் சரிக்குறி இரண்டு விழுந்ததோடு சரி.

பிற்பாடு புறக்கோட்டை முதலாளியோடு பழக்கமான பிறகு இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். “தம்பி, இப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டு வரும். பாதிப்பேர் பாடசாலைச் செயற்றிட்டத்துக்குக் கேட்பார்கள். சிலருக்கு வீட்டில் மிளகாய்த்தூள் போட்டு வைக்க நாலு பை வேண்டும். என் கடையில் பவுச் மட்டும் நாற்பது வகை இருக்கிறது. நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?”

அவருக்கு நாலு பவுச்சின் விலை ஒரு பொருட்டே இல்லை. ஒரு பையனை எழுப்பி, தட்டில் தேடி எடுத்து, உறையில் போட்டு, விலாசம் எழுதி, கூரியரிடம் கொடுத்து வரச் சொல்லும் அரை மணி நேரம்தான் அவருக்குச் செலவு. சாம்பிள் கேட்கிறவர் இந்த அரை மணி நேரத்தைக் குறைத்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ‘இலவசம்’ என்ற சொல்லை அழுத்தி அழுத்தி எழுதுவதால் ஒன்றும் நடக்காது. இரண்டாவது செய்தியில் நான் அந்தச் சொல்லையே எழுதவில்லை.

பதில் வந்த செய்தி

ஒரு கிழமை கழித்து இப்படி எழுதினேன்:

“வணக்கம் ஐயா. நாங்கள் ஹட்டனில் தேயிலை பொதியிட்டு விற்கிறோம். 100 கிராம் ஓ.பி. தேயிலைக்கு நிற்கும் பவுச் வேண்டும். தட்டி அமர்த்திய பிறகு அந்தத் தேயிலை 430 மில்லிலீற்றர் இடம் பிடிக்கிறது. சிப்பும், அடியில் விரியும் மடிப்பும் இருக்க வேண்டும். வெளிச்சம் உள்ளே போகக் கூடாது. அச்சு வேண்டாம், நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வோம். உங்களிடம் இருப்பில் உள்ளதில் இதற்குப் பொருந்தும் அளவு எதுவோ, அதில் பத்து பவுச் சாம்பிளாகத் தர முடியுமா? ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போதும், பஸ் கூலியை நாங்கள் இங்கே கொடுத்துவிடுகிறோம். ஒரு மாதம் சோதித்துப் பார்த்த பிறகு முதலில் 300 எடுப்போம். சரிவந்தால் மாதம் 400 அளவில் தேவைப்படும். 300க்கு என்ன விலை, எத்தனை நாளில் தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.”

மூவரும் அன்றைக்கே பதில் எழுதினார்கள்.

செய்தியில் அதிகம் உதவியது 430 மில்லிலீற்றர் என்ற எண்தான் என்பது என் எண்ணம். அதை அளக்க எங்களுக்கு ஐந்து நிமிடம் ஆனது. தராசில் 100 கிராம் நிறுத்து, கோடு போட்ட அளவுச் சாடியில் கொட்டி, மேசையில் இருபது தடவை மெல்லத் தட்டிப் பார்த்தோம். ஓ.பி. 430இல் நின்றது. அதே 100 கிராம் பி.ஓ.பி.எஃப். 280தான் வந்தது. பவுச் விற்பவர்கள் கிராமில் பேசுகிறார்கள். ஆனால் பவுச்சுக்குக் கிராம் தெரியாது, கொள்ளளவுதான் தெரியும். ‘100 கிராம் பை’ என்று ஒருவர் சொன்னால் அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் தூள்தான். நகைப்பெட்டி நிரம்பியது இந்த இடைவெளியில்தான்.

பத்து பவுச் என்ற எண்ணிக்கைக்கும் கணக்கு இருந்தது. ஒன்றிரண்டு வந்தால் தடவிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. சூட்டில் ஒட்டிய சீலைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பவுச் போய்விட்டது. வெட்டிப் பார்த்தால் இன்னொன்று போகும். தேயிலை போட்டு மூன்று கிழமை வைக்கச் சில வேண்டும். கடைசியாக, வெட்டாமல் ஒட்டாமல் எடுத்து வைக்க இரண்டு வேண்டும். அந்த இரண்டின் அருமை ஓடர் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாங்கப் போகிற அளவைச் சொன்னதில் ஒரு கூச்சம் இருந்தது. முந்நூறு என்பது அவர்களுக்குச் சில்லறை. ‘ஐயாயிரம் எடுப்போம்’ என்று போட்டுவிடலாமா என்று அக்கா கேட்டாள். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஐயாயிரத்துக்கான விலையைச் சொல்லி அவர் சாம்பிளும் அனுப்பிய பிறகு முந்நூறு என்று வாய் திறந்தால், அந்த விலையும் போய் முகமும் போய்விடும். நாங்கள் உள்ளதையே எழுதினோம்.

எது இலவசம், எது இல்லை

வத்தளைக்காரரிடம் இருந்தது அலுமினியத் தாள் சேர்ந்த பவுச். சாம்பிளுக்கு ஒன்றுக்கு 60 ரூபா, ஓடர் போட்டால் கழித்துக்கொள்வேன் என்றார். கேட்டதும் எரிச்சல் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் அநியாயம் இல்லை. நாலு வாங்கினோம். கழித்துக்கொள்வேன் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

கண்டிக்காரர் உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பழுப்புக் கடதாசிப் பவுச்சுகள் ஆறு தருவதாகச் சொன்னார். பார்க்க அழகு, சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடிக்கும் என்றார். புறக்கோட்டை முதலாளி, வெள்ளிநிறத்தில் 14 சென்ரிமீற்றர் அகலம், 22 சென்ரிமீற்றர் உயரம், அடியில் 8 சென்ரிமீற்றர் மடிப்புள்ள பவுச் பத்தையும் தருவேன் என்றார்.

அச்சிட்ட பவுச்சையே சாம்பிளாகக் கேட்டால் என்ன என்று சிலர் நினைக்கலாம். இவ்வகைப் பவுச்சுகளை அச்சிடும் பெரிய இயந்திரங்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை செதுக்க வேண்டும். நாலு நிறம் என்றால் நாலு உருளை. அதற்கான பணம் ஓடரோடு வாங்கப்படும், ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். உங்கள் பெயர் போட்ட பவுச் ஒன்றை எவரும் இலவசமாகத் தர முடியாது. தந்தால் அது பெரும்பாலும் கணினி அச்சில் எடுத்து மேலே ஒட்டிய காட்சிப் பொருளாகத்தான் இருக்கும். நிறம் எப்படி வரும் என்பதைக்கூட அதை வைத்து நம்ப முடியாது.

ஆனால் ஒன்று கேட்கலாம். வேறொரு வாடிக்கையாளருக்கு அச்சிட்டதில் மிஞ்சிய, அதே படலத்தாலான பவுச் ஒன்று. இதை நான் சும்மா கேட்கவில்லை. வெறும் பவுச்சில் மை இல்லை, மைக்குச் சேர்க்கும் கரைப்பானும் இல்லை. தேயிலையைப்போல் வாசனையை இழுத்துக்கொள்ளும் பண்டம் வேறு குறைவு. மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் தேயிலைப் பையை வைத்ததற்காக ஏச்சு வாங்காத பிள்ளை எங்கள் தோட்டத்தில் இருந்திருக்க முடியாது. நாளைக்கு அச்சுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அச்சிட்ட பவுச்சின் வாசனையை இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது. முதலாளி கொஞ்சம் தயங்கினார். பெயர் இருந்த பகுதியைக் கத்தரித்துவிட்டு, மசாலாப் பொதி ஒன்றின் கீழ்ப்பாதியைச் சேர்த்து அனுப்பினார்.

பஸ் செய்த சோதனை

புறக்கோட்டைக்காரரிடம் இன்னொன்றும் கேட்டிருந்தேன். பத்தில் இரண்டு பவுச்சைக் காற்றடைத்து, விம்மிய நிலையில் உங்கள் இயந்திரத்திலேயே சீல் வைத்து அனுப்புங்கள் என்றேன். “வெறும் காற்றுக்கு எதற்குத் தம்பி பவுச்?” என்று கேட்டார்.

கொழும்பில் வாங்கிய பிஸ்கட் பக்கெட்டையோ பொரியல் பக்கெட்டையோ ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுவந்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். மலை ஏற ஏற அது பலூன்போல் உப்பிவிடும். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,270 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றமுக்கம் கொழும்பைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் அடைத்த காற்று இங்கே விரியப் பார்க்கும். நம் குளிர் அதைக் கொஞ்சம் சுருக்கினாலும் பத்துக்கு ஒரு பங்காவது மிஞ்சி விரியும். சீல் நன்றாக இருந்தால் பவுச் கல்லுப்போல் இறுகி வந்து சேர வேண்டும். எங்கேயாவது ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும், அவிசாவளை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் நெளிந்து வருகிற அந்தச் சில மணி நேரத்தில் மிஞ்சிய காற்று வெளியேறிவிடும். பவுச் தளர்ந்து போயிருக்கும்.

கீழ்நாட்டில் இருப்பவர்கள் இதற்கு வெற்றிட இயந்திரம் தேட வேண்டும், அல்லது வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்க வேண்டும். நமக்கு மலையே இயந்திரம்.

பஸ் நிலையத்தில் நடத்துநர் பார்சலைத் தந்தபோது தொட்டுப் பார்த்தேன். ஒன்று விரலால் தட்டினால் முரசுபோல் ஒலித்தது. மற்றது துவண்டிருந்தது. வீட்டுக்கு வந்து துவண்டதைத் தண்ணீரில் அமுக்கினோம். அடிமடிப்பும் பக்கச் சீலும் சேரும் மூலையிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. நிற்கும் பவுச்சில் பலவீனமான இடம் எப்போதும் அதுதான். மற்ற இடங்களில் இரண்டு படலம் ஒட்டுகிறது. அந்த மூலையில் நாலு படலம் இரண்டாகக் குறைகிறது. வெப்பம் சரியாகப் போகாவிட்டால் அங்கே ஒரு நுண்குழாய் மிஞ்சிவிடும்.

படம் எடுத்து அனுப்பினேன். முதலாளி கோபிக்கவில்லை. மிச்சம் இருந்த எட்டு பவுச்சையும் காற்றூதிச் சிப்பை மூடித் தண்ணீரில் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். மூலையில் குமிழி எதிலும் இல்லை. பத்தில் ஒன்று பழுது என்பதை வைத்து முழுக் கையிருப்பையும் எடைபோட முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. ஓடர் வரும்போது எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

வீட்டில் பார்த்தவை

முதலில் தேயிலையைப் போட்டுப் பார்த்தோம். வெள்ளிப் பவுச்சில் 100 கிராம் ஓ.பி. சிப்புக்குக் கீழே மூன்று விரல் இடம் விட்டு நின்றது. கண்டிப் பவுச்சிலும் கொண்டது. பிறகு எங்கள் கைச் சீலரால் ஒட்டினோம். பொலித்தீனுக்கென்று செய்த சிறிய இயந்திரம் அது. வத்தளை அலுமினியப் பவுச்சை அது இறுக ஒட்ட மறுத்தது. சூடு கூட்டும் திருகை ஏழுக்கு வைத்தும், இரண்டு கையாலும் இழுத்தால் சீல் பிளவுபட்டுப் பிரிந்தது. நல்ல சீல் பிரியாது. படலம் நீண்டு கிழியும், ஒட்டிய இடம் அப்படியே இருக்கும். வெள்ளிப் பவுச்சை ஆறில் வைத்து ஒட்டியபோது அப்படித்தான் கிழிந்தது. காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது வைக்கும் முதல் இரண்டு சீல்கள் மட்டும் எந்தப் பவுச்சிலும் நம்பும்படி வரவில்லை. வத்தளைப் பவுச் மூன்றிலும் சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. அதை வாங்கினால் சீலரையும் மாற்ற வேண்டும். சாம்பிள் இல்லாமல் ஓடர் போட்டிருந்தால் இது முந்நூறு பவுச் வந்த பிறகு தெரிந்திருக்கும்.

வெள்ளிப் பவுச்சைப் பற்றி முதலாளி பேச்சுவாக்கில் ‘அலுமினியம்’ என்று சொல்லியிருந்தார். கைத்தொலைபேசி விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். மங்கலாக, நிலவு மேகத்துக்குள் தெரிவதுபோல் ஒளி தெரிந்தது. வத்தளைப் பவுச்சில் இருட்டு. மடித்துப் பார்த்தாலும் தெரியும். உண்மையான அலுமினியத் தாள் மடித்த மடிப்பில் கிடக்கும். வெள்ளிப் பூச்சுப் படலம் மெல்ல நிமிர்ந்துவிடும். தொலைபேசியில் கேட்டேன்.

“அது மெட்டலைஸ்ட் தம்பி. எல்லாரும் அலுமினியம் என்றுதான் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். அசல் அலுமினியம் என்றால் விலை இன்னும் பத்துப் பதினைந்து ரூபா ஏறும்.”

மெட்டலைஸ்ட் என்பது பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிக மெல்லிய அலுமினிய ஆவியைப் படிய வைத்தது. அது மோசமில்லை. நமக்குப் போதுமா என்பதுதான் கேள்வி. அதற்கு நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போது ஆனி மாதம். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, நாள் முழுக்க மூடுபனியும் தூறலும். தேயிலையைக் கெடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை. சோதிக்கவும் அதுவே நல்ல காலம். மூன்று வகைப் பவுச்சிலும் 100 கிராம் வீதம் போட்டுச் சீல் வைத்து, பவுச்சோடு சேர்த்து நிறுத்து எழுதி, துணி காயப்போடும் பின்தாழ்வாரத்தில் தொங்கவிட்டோம். நகை நிறுக்கும் சிறு தராசு, 0.1 கிராம் வரை காட்டுவது, போதுமானதாக இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு அலுமினியப் பவுச்சின் நிறை அசையவில்லை. வெள்ளிப் பவுச் 0.1 கிராம் கூடியிருந்தது. கடதாசிப் பவுச் 1.3 கிராம் கூடியிருந்தது. அக்கா அதோடு கண்டிக்காரரைக் கைவிடப் பார்த்தாள். ஆனால் கடதாசியே ஈரத்தைக் குடிக்கும். அதற்காகத்தான் வெறும் கடதாசிப் பவுச் ஒன்றையும் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். அது 0.5 கிராம் கூடியிருந்தது. அதைக் கழித்தால் தேயிலைக்குள் போனது 0.8 கிராம். தொழிற்சாலையில் உலர்த்தி எடுக்கும்போது தேயிலையில் 3 வீதம் அளவுதான் ஈரம் இருக்கும். தரம் பிரித்து, கை மாறி நம்மிடம் வருவதற்குள் சற்று ஏறியிருக்கும். மூன்று கிழமையில் இன்னும் 0.8 என்றால், இரண்டு மூன்று மாதம் கடைத் தட்டில் இருக்கும் பொதிக்கு அது தாங்காது. கண்டிக்காரரின் பவுச் ஒரு மாதத்துக்குள் குடித்து முடிக்கும் வீட்டுக்குச் சரி.

வாசனைக்கு இரண்டு சோதனை வைத்தோம். அந்த மசாலாப் பொதியின் அச்சிட்ட துண்டைப் போத்தலில் போட்டு மூடி, அடுப்படியின் வெதுவெதுப்பில் ஒரு நாள் வைத்து, திறந்தவுடன் முகர்ந்து பார்த்தோம். லேசான பெயின்ட் வாடை இருந்தது. இது மையினாலா, மசாலாப் பொதி என்பதாலா என்று தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அச்சுக்குப் போகும் வருடம் வரட்டும், அப்போது இன்னும் நல்ல மாதிரி கேட்டுப் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம்.

வெறும் பவுச்சுக்கு நாக்குதான் நீதிபதி. பவுச்சில் பத்து நாள் இருந்த தேயிலை, கண்ணாடிப் போத்தலில் பத்து நாள் இருந்த அதே தேயிலை, இரண்டையும் தேயிலை ருசிப்பவர்களின் முறைப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் போட்டு, மூடி, ஆறு நிமிடம் வைத்து வடித்தோம். பாலும் சீனியும் இல்லை. கோப்பைக்கு அடியில் எண் ஒட்டி, யாருக்கும் காட்டாமல் மாற்றி வைத்தேன். அக்கா, தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற எங்கள் மாமா, நான் என்று மூன்று பேர். வெள்ளிப் பவுச்சுக்கும் போத்தலுக்கும் மாமாவாலேயே வித்தியாசம் சொல்ல முடியவில்லை. என் வாக்கை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சாம்பிளும் ஓடரும்

வெள்ளிப் பவுச் என்று முடிவானது. ஒன்று 34 ரூபா வீதம் 300க்கு 10,200 ரூபா, பாதி முற்பணம்.

இந்த இடத்தில் ஓர் இடைக்குறிப்பு. கொழும்பில் 1883இல் தேயிலை ஏலம் தொடங்கியது. விற்பனைக்கு வரும் தேயிலையின் மாதிரியை முன்கூட்டியே வாங்குவோருக்கு அனுப்பி, அவர்கள் ருசித்துப் பார்த்து வந்து விலை கேட்பது அதன் வழக்கம். எங்கள் ஆட்கள் பறித்த கொழுந்து அந்த வழியாகவும் உலகத்துக்குப் போனது. ஆனால் அங்கே மாதிரி எடுப்பது விற்கப்போகும் அதே குவியலில் இருந்து. பவுச் வியாபாரத்தில் அப்படி இல்லை. கடைக்காரர் அனுப்புவது இன்று தட்டில் இருப்பதில் இருந்து. நாம் வாங்குவது அடுத்த மாதம் வரும் பெட்டியில் இருந்து. சாம்பிள் நன்றாக இருப்பது போன பெட்டியைப் பற்றிய செய்திதான்.

அதனால்தான் இரண்டு பவுச்சை வெட்டாமல் ஒட்டாமல் எடுத்து வைத்தோம். ஒன்றின் மேல் திகதி எழுதி, அக்கா கையொப்பமிட்டு, அதன் படத்தோடு ஓடரை இப்படி எழுதினேன்: “14க்கு 22, அடிமடிப்பு 8 சென்ரிமீற்றர், மெட்டலைஸ்ட். படத்தில் உள்ள சாம்பிளின் அதே படலம், அதே தடிப்பு, அதே சிப். ஐந்து பவுச்சை அடுக்கி அளந்தால் 1.12 மில்லிமீற்றர், பத்து பவுச்சின் நிறை 87 கிராம். இதிலிருந்து பத்து வீதம் முன்பின் இருக்கலாம்.” முதலாளி “சரி தம்பி” என்று ஒரு சொல்லில் பதில் போட்டார். அந்த ஒரு சொல் போதும்.

ஒரு பவுச்சுக்கு இரண்டு சுவர், ஐந்து பவுச்சுக்குப் பத்து. சிப்பும் மடிப்பும் இல்லாத நடுப்பகுதியில் வேர்னியரால் அளந்து பத்தால் வகுத்தால் ஒரு சுவரின் தடிப்பு கிடைக்கும். எங்களுக்கு வந்தது 0.112 மில்லிமீற்றர். வேர்னியர் இல்லாதவர்களுக்குப் பத்து பவுச்சின் நிறையே போதும். படலம் மெலிந்தால் நிறை காட்டிக்கொடுத்துவிடும்.

பதினொரு நாளில் பெட்டி வந்தது. பார்வைக்கு அதே வெள்ளி, அதே அளவு. சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அக்காதான் விரலால் தேய்த்துப் பார்த்து, “இது சேலை, அது சாக்கு” என்றாள். பெட்டியின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் இருந்து பத்து எடுத்து நிறுத்தோம். 73 கிராம். ஐந்தை அடுக்கி அளந்தோம். 0.92 மில்லிமீற்றர். பதினெட்டு வீதம் குறைவு. தண்ணீரில் பார்த்ததில் மூலைக் குமிழி ஒன்றிலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்காவின் அளவுகளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அழைத்தேன். சண்டை போடும் எண்ணத்தில் இல்லை. ஆனால் மீதிப் பணம் இன்னும் என் கையில் இருந்தது.

“தம்பி, அந்தப் பழைய இருப்பு முடிந்துவிட்டது. புதிதாக வந்த கொள்கலனில் இதுதான் வந்தது. பவுச் ஒன்றுதான் என்று நினைத்தேன்.”

“ஐயா, நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் சரி என்று எழுதியது அந்தச் சாம்பிளுக்கு.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு இரண்டு வழி சொன்னார். திருப்பி அனுப்பினால், தடித்த படலம் வரும்வரை ஆறு கிழமை காத்திருக்க வேண்டும். அல்லது இதையே வைத்துக்கொண்டால் ஒன்று 27 ரூபா. அக்காவிடம் கேட்டேன். அவள் உடனே முடிவு சொல்லவில்லை. புதுப் பவுச் இரண்டில் தேயிலை போட்டு, எங்கள் சீலரை ஐந்தில் வைத்து ஒட்டி, இழுத்துப் பார்த்தாள். படலம்தான் கிழிந்தது, சீல் நின்றது. ஈரம் உள்ளே போவதைத் தடுப்பதில் பெரும்பங்கு அந்த வெள்ளிப் பூச்சுக்குத்தான். மெலிந்தது உள்ளே இருக்கும் பொலித்தீன்தான். அது மெலிவதால் பவுச் எழுந்து நிற்பது சற்றுத் தளரும், லொறியில் அடிபட்டால் சீக்கிரம் துளை விழும். ஹட்டன் கடைகளுக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இது போதும், கொழும்புக்கு அனுப்பும் பொதிகளை அட்டைப்பெட்டியில் நிறுத்தி அடுக்கலாம் என்றாள்.

27 ரூபாவுக்கு வைத்துக்கொண்டோம். மீதி 3,000 ரூபாவை அன்று மாலையே அனுப்பினேன். அனுப்பும்போது ஒன்று கேட்டேன்: அடுத்த ஓடருக்கு முன், வரப்போகும் அதே பெட்டியில் இருந்து பத்து பவுச் முதலில் பஸ்ஸில் வர வேண்டும், அதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மிச்சம். “காற்றடைத்தது இரண்டு சேர்த்தா?” என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றேன்.

கையொப்பமிட்ட சாம்பிள் இப்போது ஒரு பிஸ்கட் டின்னுக்குள், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகைப்பெட்டியும் மெல்லக் காலியாகிறது. பி.ஓ.பி.எஃப். கேட்கும் இரண்டு தேநீர்க் கடைகள் கிடைத்திருக்கின்றன.